ப்ரிஃபர்க்கு அப்புறம் 'டு'வா 'தேன்'னா? ரெண்டு விருப்பத்தை ஒப்பிடற வாக்கியம் எங்க உடையுது

கேள்வி: "ஐ ப்ரிஃபர் டு வாக் டு தி ஆஃபீஸ் தேன் கோயிங் பை பஸ்"னு எழுதினேன். எங்க சார் 'தேன்' தப்பு, 'டு' போடுன்னு அடிச்சுட்டார். 'டு' போட்டு படிச்சா வாயிலயே நுழையல. ப்ரிஃபர்க்கு அப்புறம் 'தேன்' வரவே கூடாதா? என் வாக்கியம் சரியா தப்பா?

உங்க சார் அடிச்சது சரி, ஆனா 'தேன்'ஐ எடுத்துட்டு அதே இடத்துல 'டு' வச்சா மட்டும் உங்க வாக்கியம் சரியாகாது, அது இன்னொரு விதமா தப்பாகும். வாயில நுழையலன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அந்த காது ரொம்ப சரியா வேலை செய்யுது, அதை நம்புங்க. நான் பல வருஷமா போட்டித் தேர்வுக்கு படிக்கறவங்களுக்கு இங்கிலீஷ் கிராமர் எடுக்கறேன், நடுவுல காப்பி எடிட்டிங் வேலையும் பாத்திருக்கேன். இந்த ப்ரிஃபர் விஷயத்துல பெரும்பாலான கைடுல ஒரே ஒரு வரிதான் இருக்கும், "ப்ரிஃபர் வந்தா டு, தேன் கூடாது"ன்னு. அந்த வரி பாதி வாக்கியங்களுக்குத்தான் செல்லும். நீங்க எழுதினது அந்த இன்னொரு பாதியில விழுற வாக்கியம், அதான் இவ்வளவு குழப்பம்.

முதல்ல சந்தேகமே இல்லாத பகுதி. ப்ரிஃபர்க்கு பின்னாடி ரெண்டு பெயர்ச்சொல் வந்தா நடுவுல 'டு' தான். "ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி". இங்க 'தேன்' போட்டா தேர்வுலயும் தப்பு, பத்திரிகையிலயும் தப்பு, இங்கிலீஷை தாய்மொழியா பேசறவங்க காதுக்கும் அது நெருடும். ஏன்னு தெரிஞ்சுகிட்டா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. 'தேன்' ங்கற சொல் தனியா நிக்காது, அதுக்கு முன்னாடி ஒரு கம்பாரட்டிவ் வேணும், அதாவது மோர், லெஸ், பெட்டர், பிக்கர் மாதிரி ஒப்பிடற வடிவத்துல ஒரு சொல். நம்ம ஸ்கூல்ல "நோ சூனர்... தேன்", "ஹார்ட்லி... வென்"னு ஜோடி ஜோடியா உருப்போட வச்சாங்க இல்ல, அதுக்கும் காரணம் இதேதான், சூனர் ங்கறது சூன் ங்கறதோட கம்பாரட்டிவ், அதனால அது 'தேன்'ஐ கூப்பிடுது, ஹார்ட்லி கம்பாரட்டிவ் இல்ல, அதனால கூப்பிடாது. அதர், எல்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு சொல்லும் 'தேன்' எடுக்கும், அதை மட்டும் தனியா ஞாபகம் வச்சுக்கணும். ப்ரிஃபர் இதுல எதுலயும் சேராது. அர்த்தத்துல ஒப்பீடு இருக்கு, வடிவத்துல இல்ல. அது லத்தீன்ல இருந்து ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த வினை, ப்ரே ன்னா முன்னாடி, ஃபெர்ரே ன்னா சுமக்கறது, ஆக ஒண்ணை இன்னொண்ணுக்கு முன்னால கொண்டு போய் வைக்கறது. எதுக்கு முன்னால? அந்த "எதுக்கு" தான் இங்கிலீஷ்ல 'டு' ஆகுது. கைடு புக்ல இதோட சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாத்தையும் ஒரே கட்டத்துல போட்டு "இதெல்லாம் டு எடுக்கும்"னு சொல்லியிருப்பாங்க, அது உண்மைதான், ஆனா அதுங்க எல்லாம் லத்தீன் கம்பாரட்டிவ் வடிவங்கள், ப்ரிஃபர் வெறும் வினை. விளைவு ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் ஒரே ஜாதி இல்ல, இது ஏன் முக்கியம்னா சீனியர்க்கு பின்னாடி வினை வந்து நிக்கற தொல்லை பெரும்பாலும் வராது, ப்ரிஃபர்க்கு தினமும் வரும்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த தப்பு ஏன் இவ்வளவு சுலபமா வருதுன்னா, தமிழ்ல எல்லா ஒப்பீட்டுக்கும் 'விட' ஒண்ணே போதும். அவனை விட இவன் உயரம், நேத்தை விட இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, காபியை விட டீ பிடிக்கும். பெயரடை முன்னாடி 'மோர்' மாதிரி எதுவும் ஒட்ட வேண்டியதில்ல, 'விட' வந்தாலே ஒப்பீடு முடிஞ்சது. மனசுக்குள்ள விட = தேன்னு ஒரு கணக்கு உக்காந்துடுது, உடனே "ஐ ப்ரிஃபர் டீ தேன் காஃபி", இல்லன்னா அதோட தம்பியான "ஐ லைக் டீ தேன் காஃபி". ரெண்டாவதும் தப்பு, காரணம் அதேதான், லைக் கம்பாரட்டிவ் இல்ல, "ஐ லைக் டீ மோர் தேன் காஃபி"ன்னோ "பெட்டர் தேன் காஃபி"ன்னோ வரணும். இதைவிட மோசமான ஒரு சிக்கல் இருக்கு, அதை யாரும் சிவப்பு மையில அடிக்க மாட்டாங்க ஏன்னா இலக்கணம் சரியா இருக்கும். தமிழ்ல நாம பிடிக்காததை முதல்ல சொல்லி பிடிச்சதை அப்புறம் சொல்றோம், "காபியை விட டீ". இங்கிலீஷ்ல பிடிச்சது முதல்ல வரணும். அவசரத்துல தமிழ் வரிசையிலயே எழுதிடறவங்க "ஐ ப்ரிஃபர் காஃபி டு டீ"ன்னு எழுதிட்டு டீ தான் பிடிக்கும்னு சொன்னதா நெனச்சுகிட்டு போவாங்க, படிக்கறவர் நேர் எதிரா புரிஞ்சுப்பார். அலுவலக மெயில்ல இது நடந்தா யாருக்கும் தெரியவே தெரியாது, தப்பான பொருள் வந்து இறங்கின பிறகுதான் தெரியும். அதனால ப்ரிஃபர் எழுதின உடனே பக்கத்துல நிக்கறது உங்களுக்கு பிடிச்சதான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

இப்ப வினை வர்ற இடம். ரெண்டு செயலை ஒப்பிடணும்னா சுலபமான வழி ரெண்டையும் ஐஎன்ஜி போட்டு பெயர்ச்சொல் மாதிரி ஆக்கிடறது: "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு ட்ரைவிங்". இதுவும் சந்தேகமே இல்லாம சரி. இங்க பசங்க நிறைய பேர் ரெண்டாவது பக்கத்துல வழுக்குவாங்க, "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு ட்ரைவ்"னு எழுதிடுவாங்க, ஏன்னா 'டு' வை பாத்த உடனே கை தானா மூல வினையை எழுதும். இங்க வர்ற 'டு' அந்த 'டு' இல்ல. டு ஈட், டு ஸ்லீப்ல வர்றது இன்ஃபினிட்டிவோட 'டு', வாக்கிங் டு ட்ரைவிங்ல வர்றது ப்ரிபோசிஷன். எது எதுன்னு சந்தேகம் வந்தா அந்த 'டு' க்கு பின்னாடி 'தட்'னு ஒரு சொல்லை வச்சு பாருங்க. "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு தட்", நல்லா நிக்குது, அப்போ அது ப்ரிபோசிஷன், பின்னாடி பெயர்ச்சொல்லோ ஐஎன்ஜியோ தான் வரும். "ஐ வான்ட் டு தட்", நிக்கல, அப்போ அது இன்ஃபினிட்டிவ். "லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யு" ல ஏன் மீட் வரக்கூடாது மீட்டிங் தான் வரணும்ங்கறதுக்கும் இதே சோதனை பதில் சொல்லும்.

சரி, முதல் செயலை நீங்க ஐஎன்ஜி போடாம இன்ஃபினிட்டிவா எழுதிட்டீங்க, "ஐ ப்ரிஃபர் டு வாக்". தனியா பாத்தா அருமையான வாக்கியம். இதுக்கு மேல ஒப்பீட்டை ஒட்டணும்னா என்ன ஆகும்? விதிப்படி ப்ரிபோசிஷன் 'டு' வரணும், அடுத்து ரெண்டாவது செயல், அதுவும் முதல் செயல் மாதிரியே இன்ஃபினிட்டிவா இருக்கணும், ஆக "ஐ ப்ரிஃபர் டு வாக் டு டு ட்ரைவ்". இப்படி எந்த இங்கிலீஷ்காரரும் சொல்ல மாட்டார். ஒரு 'டு' வை விழுங்கிட்டா "டு வாக் டு ட்ரைவ்", இப்ப வண்டி ஓட்டறதுக்காக நடக்கறேன்னு அர்த்தம் மாறிடுது. ரெண்டாவதை மட்டும் ஐஎன்ஜி ஆக்கினா "டு வாக் டு ட்ரைவிங்", தராசுல ஒரு பக்கம் ஒரு வடிவம் மறுபக்கம் வேற வடிவம், எடிட்டர் யாரும் விட மாட்டாங்க. ஆக இந்த இடத்துல 'டு' வழி அடைச்சாச்சு. மொழி இங்க வேற வழி வச்சிருக்கு, அதுதான் 'ராதர் தேன்': "ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் ட்ரைவ்". 'தேன்' எப்படி உள்ள வந்துச்சுன்னு கேட்டா, ராதர் ங்கறதே ஒரு பழைய கம்பாரட்டிவ். ரேத் னு ஒரு சொல் முன்னாடி இருந்துச்சு, சீக்கிரமான, வேகமான னு பொருள், இப்ப புழக்கத்துல இல்ல, அதோட கம்பாரட்டிவ் தான் ராதர். சூனரும் அதேதான், "ஐ வுட் சூனர் வாக் தேன் ட்ரைவ்"னு இன்னைக்கும் சொல்வாங்க, "ஐ வுட் ராதர்" க்கு சமம். ஆக மேல சொன்ன விதி எங்கயும் உடையல, 'தேன்' இங்க ப்ரிஃபர் கூப்பிட்டு வரல, ராதர் கூப்பிட்டு வருது. உங்க கேள்விக்கு நேரா பதில் இதுதான்: ப்ரிஃபர் இருக்கற வாக்கியத்துல 'தேன்' வரலாம், ஆனா தனியா வரக்கூடாது, ராதரோட கையை பிடிச்சுகிட்டு வரணும்.

இப்ப உங்க வாக்கியத்தையே எடுத்துக்கலாம், அதுல இன்னொரு கூடுதல் தொல்லை இருக்கு. "டு தி ஆஃபீஸ்" ல வர்றது மூணாவது வகை 'டு', திசையை காட்டறது. சார் சொன்னபடி 'தேன்' இடத்துல 'டு' வச்சா "ஐ ப்ரிஃபர் டு வாக் டு தி ஆஃபீஸ் டு கோயிங் பை பஸ்", ஒரே மூச்சுல மூணு 'டு', மூணுக்கும் வேற வேற வேலை, முதல்ல டு வாக் அப்புறம் கோயிங், வடிவமும் பொருந்தல. அதான் நுழையல. திருத்த ஆரம்பிப்போம். ரெண்டையும் ஐஎன்ஜி ஆக்கினா "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு தி ஆஃபீஸ் டு கோயிங் பை பஸ்". இலக்கணம் முழுசா சரி, எந்த தேர்விலயும் மார்க் குறைக்க முடியாது. ஆனா படிக்கறவர் "வாக்கிங் டு தி ஆஃபீஸ் டு" வரைக்கும் வந்து ஒரு கணம் தடுமாறுவார், ஆஃபீஸ்க்கு எதுக்காக நடக்கறார்னு காரணம் வரப்போகுதுன்னு நெனச்சுப்பார். எடிட் பண்றப்ப நான் இதை மாத்துவேன். ஒண்ணு ஆஃபீஸை வெளிய எடுக்கலாம், அது ஏற்கனவே பேச்சுல இருக்கற விஷயம்னா "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டேக்கிங் தி பஸ்" போதும், கச்சிதமா இருக்கும். ஆஃபீஸ் கண்டிப்பா வேணும்னா "ஐ ப்ரிஃபர் டு வாக் டு தி ஆஃபீஸ் ராதர் தேன் கோ பை பஸ்". நீங்க எழுதினதுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறது இதுதான், பாருங்க, ராதர் ஒண்ணு சேர்ந்திருக்கு, கோயிங் இப்ப கோ ஆகியிருக்கு. உங்க சார் இந்த திருத்தத்தை சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு அலைஞ்சிருக்க வேண்டாம்.

அந்த கோ, கோயிங் விஷயத்துல கொஞ்சம் தளர்வு இருக்கு. ராதர் தேனுக்கு பின்னாடி வெறும் வினை வரலாம், டு போட்டும் வரலாம், கோயிங்னும் நிறைய பேர் எழுதறாங்க, நல்ல அகராதிகள் மூணையும் தப்புன்னு சொல்றதில்ல. நான் வெறும் வினையை சிபாரிசு பண்றதுக்கு காரணம், முன்னாடி டு வாக் இருக்கறப்ப அந்த 'டு' வே ரெண்டுக்கும் சேத்து வேலை செய்யும், ரெண்டு பக்கமும் வாக், கோ னு ஒரே உசரத்துல நிக்கும், தேர்வுல பாரலலிசம் பாக்கறவங்களுக்கும் குறை சொல்ல இடம் இருக்காது.

இதுக்கு பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார், "வுட் ராதர்". "ஐட் ராதர் வாக் தேன் டேக் தி பஸ்". இங்க ராதர் முன்னாடியே வந்துட்டதால 'தேன்' பின்னாடி தனியா வந்த மாதிரி தெரியும், ஆனா ஜோடி அதே ஜோடி தான். ரெண்டு பக்கமும் வெறும் வினை, 'டு' எங்கயும் கிடையாது. இதையும் ப்ரிஃபரையும் கலந்து சாம்பார் வைக்கறதுல தான் "ஐட் ப்ரிஃபர் வாக் தேன் டேக் தி பஸ்" மாதிரி வாக்கியங்கள் பொறக்குது, வுட் ப்ரிஃபர்க்கு பின்னாடி வினை வந்தா பெரும்பாலும் 'டு' வேணும், "ஐட் ப்ரிஃபர் டு வாக்". பொருள்லயும் வித்தியாசம் உண்டு, வெறும் ப்ரிஃபர் உங்க பொதுவான வழக்கத்தை சொல்லும், தினமும் நடந்து போறதுதான் பிடிக்கும்ங்கற மாதிரி, வுட் சேர்ந்தா பெரும்பாலும் இன்னைக்கு, இந்த ஒரு தடவை எது வேணும்ங்கறது. ஓட்டல்ல "டீயா காபியா"ன்னு கேக்கறவர்கிட்ட "ஐ ப்ரிஃபர் டீ"ன்னா புரியும்தான், "ஐட் ப்ரிஃபர் டீ" இன்னும் பொருத்தமா, மரியாதையாவும் இருக்கும்.

லைக் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா 'டு' வா 'தேன்'னான்னு பயந்து நிறைய பேர் ப்ரிஃபரையே விட்டுட்டு "லைக் மோர் தேன்" பக்கம் ஓடிடறாங்க. இலக்கணத்துக்கு அது பத்திரம், அர்த்தத்துக்கு எப்பவும் பத்திரம் இல்ல. "ஐ லைக் ரவி மோர் தேன் குமார்"னு எழுதினா ரெண்டு அர்த்தம் வரும், எனக்கு குமாரை விட ரவியை ஜாஸ்தி பிடிக்கும்ங்கறது ஒண்ணு, குமாருக்கு ரவியை பிடிக்கறதை விட எனக்கு ஜாஸ்தி பிடிக்கும்ங்கறது இன்னொண்ணு. தமிழ்ல குமாரை, குமாருக்குனு உருபு வந்து பிரிச்சு காட்டிடும், இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்கு அந்த வசதி இல்ல. அதனால ஆட்களை ஒப்பிடறப்ப ரெண்டாவது அர்த்தம் வேணும்னா "மோர் தேன் குமார் டஸ்"னு டஸ் சேருங்க, முதல் அர்த்தம் வேணும்னா "மோர் தேன் ஐ லைக் குமார்"னு முழுசா எழுதுங்க. இல்லன்னா ப்ரிஃபர்கிட்டயே வந்துடுங்க, "ஐ ப்ரிஃபர் ரவி டு குமார்" ல ரெண்டாவது அர்த்தத்துக்கு இடமே கிடையாது, ரவியும் குமாரும் தான் போட்டியில நிக்கறாங்க. அந்த 'டு' இங்க நிஜமாவே ஒரு நல்ல காரியம் பண்ணுது.

இதுவரைக்கும் சொன்னது உறுதியா சொல்லக்கூடியது. இனி சொல்றதுல ஆளுக்கு ஆள் கருத்து மாறும். "ஐ ப்ரிஃபர் டு வாக் தேன் ட்ரைவ்", அதாவது ராதர் இல்லாம இன்ஃபினிட்டிவோட 'தேன்' வர்றது, இது வெறும் நம்ம ஊர் தப்பு கிடையாது. பிரிட்டன், அமெரிக்காக்காரங்க பேச்சுலயும் வருது, எழுத்துலயும் சில சமயம் கண்ல படும். ஏன் வருதுன்னும் மேலயே பாத்துட்டோம், அந்த இடத்துல 'டு' போடவே முடியாது, ராதர் தேன் கொஞ்சம் நீளம், பேசறவர் ராதரை முழுங்கிட்டு போயிடறார். அதனால பேச்சுல இதை சொன்னவரை நான் திருத்த மாட்டேன். ஆனா தேர்வுலயும் அலுவலக எழுத்துலயும் இதை ஏத்துக்க மாட்டாங்க, எடிட்டரா நானும் ஒரு ராதர் சேத்துடுவேன், ஒரே ஒரு சொல் தானே, அதுக்காக சண்டை எதுக்கு. அதே சமயம் பெயர்ச்சொல்லோட வர்ற "டீ தேன் காஃபி" க்கு இந்த சலுகை கிடையாது, அங்க 'டு' போட எந்த தடையும் இல்லாதப்ப 'தேன்' க்கு சாக்கு சொல்ல முடியாது. இந்த ரெண்டையும் ஒண்ணா கட்டி "ப்ரிஃபர் தேன் எல்லாமே ஒரே தப்பு"ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல.

"ப்ரிஃபர் டீ ராதர் தேன் காஃபி"ன்னு பெயர்ச்சொல்லுக்கு ராதர் தேன் போடறதையும் சிலர் பரவாயில்லன்னு விடுவாங்க, என் பார்வையில தேவையில்லாத சுத்து, 'டு' இருக்கறப்ப 'டு' வையே போடுங்க. "ப்ரிஃபர் டீ மோர் தேன் காஃபி" வேண்டாம், ப்ரிஃபர்லயே அதிகமா பிடிக்கும்ங்கறது அடங்கிடுச்சு, மோர் ரெண்டாவது தடவை அதையே சொல்லுது, மோர் ப்ரிஃபரபிள் ங்கறதும் இதே கேஸ். 'ஓவர்' பத்தி யாராவது கேப்பீங்க, "ப்ரிஃபர் டீ ஓவர் காஃபி". அமெரிக்க எழுத்துல இது சாதாரணமா வரும், இப்ப எல்லா பக்கமும் பரவிடுச்சு, தப்பு இல்ல. ஒரு இடத்துல அது 'டு' வை விட நல்லாவும் இருக்கும், உங்க வாக்கியம் மாதிரி ஏற்கனவே ஒரு 'டு' உள்ள உக்காந்திருக்கறப்ப: "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு தி ஆஃபீஸ் ஓவர் டேக்கிங் தி பஸ்", இதை படிக்கறப்ப எங்கயும் தடுக்கல பாருங்க. ஆனா நம்ம ஊர் போட்டித் தேர்வு ஆன்ஸர் கீ பழைய விதியிலதான் இருக்கும், அங்க பிழை கண்டுபிடி கேள்வில பெயர்ச்சொல்லோ ஐஎன்ஜியோ வந்தா 'டு' வை டிக் பண்ணுங்க, ப்ரிஃபரை ஒட்டி 'டு' போட்ட வினை வந்தா ஆப்ஷன்ல ராதர் தேன் எங்க இருக்குன்னு தேடுங்க.